விற்பதா, வைத்துப் பயிர் செய்வதா: அண்ணியின் மூன்று ஏக்கர்

அண்ணன் 2024 ஆகஸ்டில் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணியிடம் நிலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் மூன்று ஏக்கர். பொம்மசந்திராவில் வேலை பார்த்த சம்பளத்தில் அண்ணன் சிறுகச் சிறுகச் சேர்த்து, தன் பெயரிலேயே கிரயம் வாங்கிய நிலம். கிணற்றுப் பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் மாந்தோப்பு, மீதி ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி. அண்ணி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். மகளுக்கு அப்போது 21 வயது, மகனுக்கு 16. நான் அண்ணனின் தங்கை. பெங்களூரிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் "நீ கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல்லும்மா" என்று அண்ணி என்னிடம்தான் கேட்டார்.

ஊரில் இருக்கிற பங்காளி ஒருவர் ஏக்கர் 12 லட்சம் என்றார். ஒரு புரோக்கர் 20 லட்சம் என்றார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அறுபது லட்சத்தைப் பேங்கில் போட்டால் மாசம் முப்பத்தஞ்சாயிரம் வட்டி வரும், பெங்களூரில் இருந்துகொண்டு எப்படி வெள்ளாமை பார்ப்பாய்?" 7 சதவீத வட்டிக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அது முழு நிலமும் அண்ணியுடையது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

கணவர் பெயரில் இருந்த நிலம் அவர் இறந்ததும் மனைவிக்கு அப்படியே வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாக வாங்கிய சொத்து மனைவி, மகன், மகள், உயிரோடு இருக்கும் தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகிறது. எங்கள் அம்மா இருக்கிறார். ஆகவே நாலு பங்கு. அண்ணிக்குக் கால் பங்கு, அதாவது முக்கால் ஏக்கர் மட்டும்தான்.

இதை வைத்து மறுபடி கணக்குப் போட்டால் எல்லாமே மாறுகிறது. 60 லட்சத்துக்கு விற்றாலும் அண்ணியின் பங்கு 15 லட்சம். 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 1,05,000, மாதம் 8,750 ரூபாய். பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவிடமே விட்டுவைக்கலாம். அது அவர்கள் விருப்பம், அண்ணியின் வருமானம் அல்ல. மகள் கல்யாணமாகிப் போனால் அவள் பணம் அவளோடு போகும், போகவும் வேண்டும். விற்பதையும் பயிர் செய்வதையும் ஒப்பிடும்போது அண்ணி எதிரில் வைக்க வேண்டிய தொகை முப்பத்தைந்தாயிரம் அல்ல, இந்த எட்டாயிரத்துச் சொச்சம்தான்.

அம்மாவின் கால் பங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறைய வீடுகளில் இதைப் பேசக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அம்மா ஒன்றும் எழுதி வைக்காமல் காலமானால், அந்தக் கால் பங்கு அவருடைய மகளான எனக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போகும். மருமகளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. என் பெயர் உள்ளே வந்தால், நாளைக்கு என் பிள்ளைகள் பெயரும் வரும். மூன்று ஏக்கருக்குப் பத்துக் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை இப்படித்தான் உருவாகிறது. எனக்கு அந்த நிலத்தில் ஒரு அடியும் வேண்டாம். அம்மாவிடம் நான்தான் பேச்சு எடுத்தேன். அம்மா யோசித்து, தன் பங்கைப் பேத்தி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். மூன்று ஏக்கருக்கும் வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். அம்மாவின் பங்கு நாலரை லட்சம். குடும்பத்துக்குள் எழுதுகிற செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஒன்பதாயிரம் ரூபாயில் முடிந்தது. அதன் பிறகு மகளுக்குப் பாதி, அண்ணிக்குக் கால், மகனுக்குக் கால்.

பட்டா மாறுதலுக்கு முதலில் வாரிசு யார் என்று காட்ட வேண்டும். அண்ணன் கடைசி வரை பெங்களூரில் குடியிருந்தவர். இறப்புச் சான்றிதழும் குடும்ப உறுப்பினர் சான்றிதழும் கர்நாடகத்தில் வாங்கியவை. இங்கே நாடகச்சேரி என்கிற வருவாய் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதிவிட்டு, ஊரில் இருக்கும் தாயின் பெயரை விட்டுவிடுவது சர்வசாதாரணம். அப்படி விட்டால் ஊரில் வி.ஏ.ஓ. விசாரணையில் முரண்பாடு வந்து எல்லாம் நின்றுபோகும். நாங்கள் அம்மா பெயரையும் சேர்த்து வாங்கி, கன்னடத்தில் இருந்ததை மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு கொடுத்தோம். கூட்டுப் பட்டா வர சில மாதங்கள் ஆயின.

சரி, விற்கிற வழியைப் பார்ப்போம்.

மகனுக்கு 16 வயது என்பது இங்கே பெரிய விஷயம். மைனர் பிள்ளைக்கு உரிய நிலத்தைத் தாயானாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. "பையன் சார்பா நீயே கார்டியனா கையெழுத்துப் போடு, அதெல்லாம் நடக்கும்" என்றார் பங்காளி. பத்திரம் பதிவாகிக்கூட விடலாம். ஆனால் பையன் 18 முடிந்த பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயம் செல்லாது என்று வழக்குப் போடலாம். விவரம் தெரிந்த யாரும் அந்த ஆபத்துக்கு முழு விலை கொடுக்க மாட்டார்கள். 12 லட்சம் என்ற விலைக்கு அதுதான் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் நிலத்தை மட்டும் விலை பேசவில்லை, பேப்பரில் இருந்த குறையையும் சேர்த்து விலை பேசினார். நீதிமன்ற அனுமதி வாங்கலாம். அதற்கு விற்பது பையனுக்கு அவசியம், அல்லது வெளிப்படையான நன்மை என்று காட்ட வேண்டும். பணத்தை அவன் பெயரில் போடச் சொல்வார்கள். எங்களுக்கு அப்படிப்பட்ட அவசியம் எதுவும் இல்லை.

பங்காளி இன்னொன்றும் சொன்னார்: "பங்காளிங்க நாங்க இருக்கும்போது வெளி ஆளுக்கு விற்கக் கூடாது, சட்டமே அப்படித்தான்." சட்டம் அப்படி இல்லை. அந்த முன்னுரிமை, ஒன்றாகச் சொத்து அடைந்த நேரடி வாரிசுகளுக்குள்தான் உண்டு. அண்ணி தன் பங்கை விற்கப் போனால் மகளோ மகனோ முதலில் கேட்கலாம். சித்தப்பா மகனுக்கு அப்படி ஒரு உரிமை கிடையாது. ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்து முதலில் அவரிடம் கேட்பது வேறு விஷயம்.

புரோக்கர் சொன்னது வேறு ஒரு வழி. இப்போது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுங்கள், பையனுக்கு 18 ஆனதும் கிரயம் முடிக்கலாம் என்றார். இதற்கு நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். அதிகாரம் வாங்கியவர் தன் சௌகரியத்துக்கு நிலத்தைக் கைமாற்றிவிட்டால், அப்புறம் நாம் கோர்ட்டு ஏற வேண்டியதுதான். இரண்டு வருடம் கழித்து நிலம் என்ன விலை போகும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், விலையை இன்றைக்கே கட்டிப்போடுவது வாங்குகிறவருக்கு மட்டும்தான் லாபம்.

பாதிப் பணத்தை ரொக்கமாகக் கையில் தருவதாக அவர் சொன்னதும் ஆபத்து. நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்றவர் தலையில்தான் விழும். பணம் கொடுத்தவருக்கு அந்த அபராதம் இல்லை. கணவரை இழந்த பெண்ணிடம் "வரி மிச்சம்" என்று சொல்லித்தான் இதைச் செய்ய வைக்கிறார்கள். ஆனால் எங்கள் நிலம் போன்ற கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. 10,000 பேருக்கு மேல், ஒரு லட்சத்துக்குள் மக்கள் தொகை உள்ள பேரூராட்சி, நகராட்சிகளின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். பத்து லட்சம் வரை மக்கள் உள்ள நகரம் என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் பெரியது என்றால் 8. வரியே இல்லாத இடத்தில் ரொக்கம் வாங்கி மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டி, வங்கி வழியாக வாங்குவதே விற்பவருக்கு நல்லது.

அப்புறம் அவசரம். அண்ணனுக்கு ஆறு லட்சம் கடன் இருந்தது. அதை அடைக்கத்தான் விற்க வேண்டும் என்று அண்ணி முதலில் நினைத்தார். பி.எப். கட்டிய தொழிலாளி வேலையில் இருக்கும்போதே இறந்தால், பி.எப். பணம், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வருகிற பென்ஷன் தவிர, இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுத் தொகை அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். கம்பெனியில் யாரும் இதைத் தானாக எடுத்துச் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்டோம், வந்தது, கடன் அடைந்தது. அந்தக் கடன் மட்டும் நின்றிருந்தால் ஏக்கர் 12 லட்சத்துக்கே நிலம் போயிருக்கும்.

இப்படியாக, சரியான முறையில் விற்க எப்படியும் மகனுக்கு 18 ஆகிற 2026 மார்ச் வரை காத்திருக்க வேண்டும் என்று ஆனது. அதுவரை நிலத்தைச் சும்மா போட முடியாது. கவனிக்காத நிலத்தில் வரப்பு நகரும், பாதை மறையும், மோட்டார் காணாமல் போகும். பயிர் செய்து பார்க்க அண்ணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிடைத்தது.

மாந்தோப்பில் 70 மரம். அறுபது மரம் பெங்களூரா, பத்து மரம் செந்தூரா. பெங்களூரா என்பது கிளிமூக்கு மாங்காய்தான். பெரும்பகுதி மாங்கூழ் பேக்டரிக்குப் போகும். வருடா வருடம் காய்க்கும், நன்றாக எடை நிற்கும், வெளியூர் லோடு தாங்கும். ஆனால் விலை முழுக்க பேக்டரிகள் கையில். அவர்களிடம் போன வருடத்துக் கூழ் தேங்கியிருந்தால் இந்த வருடம் வாங்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாமரத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

2025 ஜனவரியில் பூ எடுத்தபோது ஒரு வியாபாரி வந்து அந்த வருடக் காய்ப்பை 40,000 ரூபாய்க்குக் குத்தகை கேட்டார். பாதி முன்பணம், பாதி அறுப்பில். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஒரே தொகையாக 1,30,000 என்றார். பெங்களூரில் இருக்கிற ஒருவருக்கு இதுதான் சுலபமான வழி என்று தோன்றும். மருந்தடிப்பு அவர் பாடு, காவல் அவர் பாடு. ஆனால் பல வருடக் குத்தகையில் ஒரு கெடுதல் உண்டு. குத்தகைக்காரருக்கு மரம் தேவையில்லை, அந்த மூன்று வருடக் காய் போதும். கட்டாயப்படுத்திப் பூக்க வைக்க வேரடியில் கல்டார் என்ற மருந்தை ஊற்றுவார்கள். அளவாக, இடைவெளி விட்டு, எருவும் தண்ணீரும் கொடுத்தால் மரம் தாங்கும். வருடா வருடம் அளவில்லாமல் ஊற்றினால் தாங்காது. கல்டார் ஏறிய மரத்தைப் பார்த்தாலே தெரியும்: புதுத் தளிர் நீளாமல் குட்டையாக நின்றுவிடும், இலைகள் நுனியில் கொத்தாக நெருங்கி இருக்கும், பூங்கொத்தும் சுருங்கி அடர்ந்து வரும். மருந்து மண்ணில் நீண்ட நாள் தங்கிவிடுவதால் நிறுத்தினாலும் உடனே சரியாகாது. குத்தகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு மட்டும், காய்க்கு மட்டும் என்று எழுதி, கல்டார் கூடாது என்றும் எழுதி விட வேண்டும். மானாவாரி நிலத்தை ஒருவர் தானே உழுது பயிர் வைக்கும்படி வாய்வார்த்தையில் வருடக்கணக்காக விடுவதிலும் கவனம் தேவை. உடலுழைப்போடு பயிர் செய்கிற குத்தகைதாரருக்குத் தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உழைக்கிறவருக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் இரண்டு வருடத்தில் விற்கலாமா என்று யோசிப்பவர், தெரிந்துதான் அதில் இறங்க வேண்டும்.

அண்ணி குத்தகைக்கு விடவில்லை. பக்கத்து நிலத்து வயதான தம்பதிக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் ரோட்டில் பஸ் ஏறி கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து டவுன் பஸ். மாமரத்துக்குத் தினசரி வேலை இல்லை என்பது இதற்குச் சாதகம். ஆனால் பூ எடுத்ததிலிருந்து காய் பட்டாணி அளவு வரும் வரை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க முடியாது. தத்துப்பூச்சி அந்தச் சமயத்தில்தான் வரும். மரத்துக்கு அடியில் போனால் சடசடவென்று பூச்சிகள் தாவுகிற சத்தம் கேட்கும், இலை எண்ணெய் பூசியது போலப் பிசுபிசுக்கும். அதை விட்டால் அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூஞ்சை படர்ந்து இலை கறுத்துப்போகும், பூ கருகி உதிரும். பூங்கொத்து நீளும்போது ஒரு முறை அடித்துவிட்டு, பூ முழுதாக விரிந்திருக்கும்போது அடிக்காமல் விட வேண்டும், இல்லையென்றால் மகரந்தச் சேர்க்கைக்கு வருகிற ஈயும் வண்டும் செத்துவிடும். பிஞ்சு பிடித்த பிறகு அடுத்த முறை. அந்த நாட்களில் அண்ணி லீவு போட்டுவிட்டுப் போனார். "ஆம்பள ஆள் யாராச்சும் வரட்டும், பேசிக்கலாம்" என்று மருந்தடிக்கிறவர் முதலில் சொன்னார். கூலியை அன்றன்றைக்கே எண்ணிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

அந்த சீசனில் பெங்களூரா விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் என்று மூன்று மாநிலத்திலும் விவசாயிகள் காயை ரோட்டில் கொட்டினார்கள். அண்ணிக்குக் கிலோ 5 ரூபாய் கிடைத்தது. நாலரை டன்னுக்கு 22,500. மண்டி கமிஷன், பறிகூலி, வண்டி வாடகை போக எட்டாயிரம்தான் மிச்சம். பக்கத்துத் தோப்புக்காரர் அதே வியாபாரிக்குக் குத்தகை விட்டிருந்தார். முன்பணம் வந்தது, விலை விழுந்ததும் வியாபாரி அறுப்புக்கே வரவில்லை, மீதிப் பணமும் வரவில்லை. விலை விழுந்தால் குத்தகை காப்பாற்றும் என்று நான் நினைத்திருந்தேன். முன்பணம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காப்பாற்றும்.

செந்தூரா பத்து மரத்தின் கதை வேறு. ஐந்நூறு கிலோ பழம். அண்ணி அதை மண்டிக்கு அனுப்பவில்லை. வைக்கோலில் பழுக்க வைத்து, டெம்போவில் பெங்களூருக்குக் கொண்டுவந்து, கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்களுக்கும், எங்கள் பக்கத்து அபார்ட்மெண்ட்களுக்கும் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார். செலவு போக 25,000. அறுபது மரம் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு பத்து மரம் கொடுத்தது. இதுதான் அந்த வருடத்தில் அண்ணி கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் என்பேன். பெங்களூரில் குடியிருப்பது விவசாயத்துக்கு இடைஞ்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சாப்பிடுகிற பழத்துக்கு அதுவே சந்தையாகிவிட்டது. கூழுக்குப் போகிற காய்க்கு அந்த வசதி உதவாது.

முழுக் கணக்கையும் சொல்கிறேன். நாலு முறை மருந்தடிப்புக்கு 24,000, உழவுக்கு 6,000, எருவுக்கு 12,000. மாந்தோப்பில் ஒன்பதாயிரம் நஷ்டம். மானாவாரியில் ஜூலையில் கேழ்வரகு விதைத்து, ஏழு குவிண்டால் வந்தது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 2025-26 ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். செலவு போக 16,000 மிச்சம். இறந்தவர் பெயரிலேயே பட்டா கிடந்திருந்தால் அங்கே கொடுத்திருக்க முடியாது, வெளியில் வந்த விலைக்குத்தான் தள்ளியிருக்க வேண்டும். காவலுக்கு வருடம் 24,000. எல்லாம் கூட்டிக் கழித்தால் 17,000 ரூபாய் கைநஷ்டம், பஸ் செலவு தனி. இதே பெங்களூரா கிலோ 15 ரூபாய்க்குப் போயிருந்தால், அதற்கேற்பக் கூடுகிற மண்டி கமிஷன் போக இருபத்து மூன்றாயிரம் கையில் நின்றிருக்கும். மோசமான வருடத்தில் பதினேழாயிரம் போகும், சுமாரான வருடத்தில் இருபத்து மூன்றாயிரம் வரும். மூன்று ஏக்கரும் சேர்ந்து கொடுப்பது இவ்வளவுதான். இது ஒரு குடும்பத்தை நடத்துகிற வருமானம் அல்ல. அண்ணிக்குக் கார்மெண்ட்ஸ் சம்பளம் இருப்பதால்தான் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க முடிந்தது. சம்பளம் இல்லாத, மாத வருமானம் உடனே வேண்டிய ஒரு பெண்ணுக்கு இதே நிலத்தை விற்கத்தான் நான் சொல்லியிருப்பேன், அதுவும் பேப்பரைச் சரி செய்த பிறகு.

பயிர் செய்ததில் வந்த உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2024இல் விற்றிருந்தால் ஏக்கர் 12 லட்சம். பட்டா மாறி, அம்மாவின் பங்கு எழுதி முடித்து, மகனுக்கு 18 ஆனதும் அதே பங்காளியே 20 லட்சத்துக்கு வந்தார். மூன்று ஏக்கருக்கு 24 லட்சம் வித்தியாசம். பதினேழாயிரம் நஷ்டப்பட்டு நிலத்தை உயிரோடு வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அது.

2026 மார்ச்சில் அண்ணி, மகள், மகன் மூவரோடும் உட்கார்ந்து பேசினேன். மகள் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போக மொழிப் பயிற்சியில் இருக்கிறாள். அவளுக்கு நிலம் வேண்டாம், பணம் வேண்டும். மகனுக்கு இன்னும் ஒன்றும் தீர்மானம் இல்லை. அண்ணிக்குத் தோப்பை விட மனம் இல்லை. பாகப்பிரிவினை எழுதுவது என்று முடிவானது. மானாவாரி ஒன்றேகால் ஏக்கர் முழுதும் மகளுக்கு, மாந்தோப்பு அண்ணிக்கும் மகனுக்கும். மகளுடைய பாதிப் பங்குக்கு இது கொஞ்சம் குறைவு. அவள் "விடுங்க அத்தை" என்றாள். நான் விடவில்லை. வித்தியாசத் தொகை எவ்வளவு, அதை அண்ணியும் மகனும் எத்தனை வருடத்தில் கொடுப்பார்கள் என்று பத்திரத்திலேயே எழுத வைத்தேன். இன்றைக்கு அன்பில் விட்டுக்கொடுத்த பங்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வியாக வந்து நிற்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

ஒரே சர்வே எண்ணை இரண்டாகப் பிரிக்கும்போது நிலத்தின் அளவை மட்டும் எழுதினால் போதாது. எங்கள் மானாவாரிக்கு மாந்தோப்பு ஓரமாகத்தான் போக வேண்டும். அதனால் கிழக்கு வரப்பை ஒட்டிப் பன்னிரண்டு அடி வண்டிப்பாதை என்று எல்லையோடு எழுதினோம். கிணறும் போர்வெல்லும் மோட்டார் மின் இணைப்பும் தோப்புக்கு மட்டும், மானாவாரிக்கு அதில் உரிமை இல்லை என்றும் எழுதினோம். அந்த இலவச விவசாய இணைப்பு இன்னும் அண்ணன் பெயரில்தான் இருந்தது. அதையும் மின்வாரியத்தில் அண்ணி பெயருக்கு மாற்றினோம். சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் மகள் தன் நிலத்துக்கு விலை பேச ஆரம்பித்தாள்.

தோப்பில் அண்ணி இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறார். 2025 அறுப்பு முடிந்ததும் பதினைந்து பெங்களூரா மரங்களின் கிளைகளை வெட்டிவிட்டு, அதில் துளிர்த்த கொழுந்துகளில் செந்தூராவும் இமாம்பசந்தும் மேல் ஒட்டு கட்டினார். பழைய வேர் இருப்பதால் புதுக்கன்று போல நல்ல காய்ப்புக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றாவது வருடம் காய்க்கத் தொடங்கும். எல்லா மரத்தையும் ஒரே வருடத்தில் வெட்டினால் இடைப்பட்ட காலத்தில் வருமானமே இருக்காது. ஒட்டும் எல்லாம் பிடிக்காது. ஒரு கிளையில் இரண்டு மூன்று கட்டினால்தான் ஒன்று நிற்கும். ஐந்து டன் செந்தூராவை அபார்ட்மெண்ட் வாசலில் விற்க முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஐந்நூறு கிலோவை விற்றது வேறு, அது வேறு. அதனால் முப்பது மரத்தோடு நிறுத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. அண்ணி நாற்பது என்கிறார்.

மானாவாரியைப் பங்காளியே வாங்குகிறார். ஏக்கர் 20 லட்சம், முழுத் தொகையும் மகள் கணக்குக்கு வங்கி வழியாக, பத்திரத்தில் அதே தொகை. பேச்சு முடியும்போது "தோப்பையும் சேர்த்துக் கொடுத்துடும்மா, உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்" என்று அவர் மறுபடி கேட்டார். அது விற்பனைக்கு இல்லை, விற்கிற நாள் வந்தால் முதலில் உங்களிடம்தான் கேட்பேன் மாமா என்று அண்ணியே அவரிடம் சொன்னார்.